எண்ணெய்க்காப்பு நாளில் மூலஸ்தானம் ஏன் திறக்கிறது? யாழ்ப்பாணத்துக் கும்பாபிஷேகத்தின் உள்வேலை

யாழ்ப்பாணத்தில் ஒரு கோயிலின் கும்பாபிஷேக விஞ்ஞாபனத்தைக் கையில் எடுத்தால் அதில் கர்மாரம்பம், எண்ணெய்க்காப்பு, மகா கும்பாபிஷேகம், மண்டலாபிஷேகம் என்று நான்கு தலைப்புகளாவது இருக்கும். ஊரவர் மனத்தில் நிற்பது மூன்றாவதுதான்: குருக்கள்மார் கும்பங்களைத் தலையில் ஏந்திக்கொண்டு வீதி வலம் வருவது, சாரத்தில் ஏறித் தூபியில் தீர்த்தம் சொரிவது, கீழே தவிலும் நாதஸ்வரமும் மணியும் ஒன்றாக ஒலிப்பது. ஆனால் சொரிகின்ற அந்தச் சில நிமிடங்கள் ஒரு நீண்ட வேலையின் கடைசிப் படி மட்டுமே. அந்த வேலை என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டுமானால், எண்ணெய்க்காப்பு நாளில் எழுகின்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. வருடம் முழுவதும் குருக்களைத் தவிர வேறு எவரும் கால் வைக்காத மூலஸ்தானத்துக்குள், அந்த ஒரு நாளில் மட்டும் ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் வரிசையாகச் சென்று விக்கிரகத்தில் தங்கள் கையாலேயே எண்ணெய் சாத்துகிறார்கள். இது எப்படி அனுமதிக்கப்படுகிறது?

கிரியை முறைப்படி இதற்குரிய விடை நேரானது. அந்த வேளையில் தெய்வ சாந்நித்தியம், அதாவது தெய்வத்தின் உறைவு, கல்லில் இல்லை. யாகசாலையில், நூல் சுற்றிய ஒரு கும்பத்தில் இருக்கிறது. கும்பாபிஷேகம் என்பது சாந்நித்தியத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து, வெறுமையான இடத்தைச் செப்பனிட்டு, மீண்டும் அதே இடத்தில் வைக்கின்ற கிரியை. எண்ணெய்க்காப்பு அந்த வெறுமையின் நடுவில் வருகிறது.

முதலில் எடுப்பதைப் பார்ப்போம். வலிகாமத்தில் ஒரு சிறிய ஊர்ப் பிள்ளையார் கோயிலை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் வெடிப்பு, மகாமண்டபக் கூரையில் ஒழுக்கு, மூலமூர்த்தியின் அடியில் ஈரம். பரிபாலன சபை திருப்பணி செய்யத் தீர்மானித்ததும் முதலில் நடப்பது பாலஸ்தாபனம். பிரதம குரு மூலமூர்த்தியின் முன் கும்பம் வைத்துக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் மூர்த்தியிலிருந்து சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு அழைக்கிறார். பிறகு அது, மகாமண்டபத்திலோ வீதியில் அமைத்த ஒரு சிறு கொட்டகையிலோ வைக்கப்படும் பாலபிம்பத்துக்கு மாற்றப்படுகிறது. பாலபிம்பம் பெரும்பாலும் மரப்பலகையில் எழுதிய உருவமாக இருக்கும். நித்திய பூசை அங்கே தொடரும். ஆனால் மகோற்சவம் நடவாது, கொடியேற்ற முடியாது. யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றுக்கு இது சிறிய இழப்பு அல்ல. திருவிழாவை உபயகாரர்கள் தலைமுறையாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்கள் விடுமுறையை அதற்கேற்பவே ஒழுங்குபடுத்துகிறார்கள். பணம் போதாமல் திருப்பணி இழுபட்டு, பாலஸ்தாபனம் ஆண்டுக்கணக்கில் நீளும்போது சபைக் கூட்டங்களில் எழுகின்ற சூட்டுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். கட்டட வேலை இல்லாத சிறிய கும்பாபிஷேகத்தில் பாலஸ்தாபனம் இல்லாமலே, கிரியை தொடங்கும் நாளில் சாந்நித்தியத்தை நேராக யாகசாலைக் கும்பத்துக்கு எடுப்பதும் உண்டு.

ஆகம மரபு கும்பாபிஷேகத்தை நான்காக வகுக்கிறது. புதிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். பழைய கோயிலைப் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம். நெடுங்காலம் பூசையின்றி அழிந்து கிடந்ததை மீட்டெடுப்பது அநாவர்த்தம். களவு முதலிய தீட்டுகளால் பூசை தடைப்பட்ட இடத்தில் செய்வது அந்தரிதம். மேலே சொன்ன பிள்ளையார் கோயில் இரண்டாவது வகை. நூல்களில் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்த மற்றவற்றை, வலிகாமம் வடக்கு எங்கள் காலத்திலேயே காட்டிவிட்டது. கீரிமலை நகுலேஸ்வரம் 1990 ஒக்டோபரில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, அதன்பின் நீண்டகாலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. அங்கே மகா கும்பாபிஷேகம் 2012இல்தான் நடந்தது. இப்படிப்பட்ட கோயில்களில், முறைப்படி கலாகர்ஷணம் செய்து எடுப்பதற்கு அவகாசமே இருந்ததில்லை. எடுக்கப்படாத ஒன்றை எங்கிருந்து மீள வைப்பது என்பது அங்கே குருமார் முன் நின்ற உண்மையான கேள்வி. பிராயச்சித்தக் கிரியைகளும் சாந்தி ஹோமங்களும் அத்தகைய கும்பாபிஷேகங்களில் கூடுதலாக வருவதற்கு இதுவே காரணம்.

இனி, எடுத்த பின் செப்பனிடப்படுவது என்ன என்ற கேள்விக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிவது வர்ணம் பூசிய கோபுரமும் புதிய தரையும். என் பார்வையில் இவை இரண்டாம்பட்சம். கும்பாபிஷேகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கைத் தந்தது பீடத்துக்கும் விக்கிரகத்துக்கும் இடையிலுள்ள ஒரு விரல் அளவு இடைவெளியும், அதை நிரப்பியிருக்கும் மருந்தும்தான்.

கருங்கல் விக்கிரகத்தின் அடிப்பகுதி பீடத்தில் வெட்டிய குழிக்குள் இறங்கி நிற்கும். குழியின் அடியில் நவரத்தினங்களும் யந்திரத் தகடும் வைக்கப்பட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சுற்றிவர எஞ்சுகின்ற பள்ளத்தில் அட்டபந்தனம் என்னும் மருந்து அழுத்தி நிரப்பப்படுகிறது. எட்டுப் பொருள்கள் அதற்கு: கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, சுக்கான்கல்தூள், எருமை வெண்ணெய். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு என்பது இடிப்பவர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். அரக்கும் குங்கிலியமும் ஒட்டும், இறுகும். ஆனால் தனியே விட்டால் கண்ணாடிபோல் வெடிக்கும். மெழுகும் வெண்ணெயும் அந்த வெடிப்பைத் தடுத்து இளக்கம் தரும், நீரையும் விலக்கும். காவியும் சுக்கான்தூளும் உடல் கொடுக்கின்ற தூள்கள். பஞ்சு நாராக ஓடிப் பிணைக்கும். சுண்ணக்கல் மேட்டிலேயே ஊர்கள் அமைந்திருக்கும் இந்தக் குடாநாட்டில் சுக்கான்கல்லுக்குப் பஞ்சமில்லை. விக்கிரகத்துக்குரிய கருங்கல்தான் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

மருந்து இடிப்பது பல மணி நேர வேலை. பொடித்து அரித்த பொருள்களை மெழுகோடும் வெண்ணெயோடும் சேர்த்து, ஆள் மாறி ஆள் உலக்கையால் அல்லது சுத்தியலால் இடிக்க, இடியின் சூட்டிலேயே கலவை இளகி, மீண்டும் இறுகி, ஒரே நிறமாக வரும். பதம் பார்க்கின்ற விதம் எளிது: ஒரு சிறு உருண்டையை எடுத்து விரலால் நீட்டுவார்கள். அது அறாமல் திரியாக நீள வேண்டும். விரலில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. விரலில் பிசுபிசுத்தால் வெண்ணெய் கூடிவிட்டது. அப்படியே சாத்தினால் மாதக்கணக்கில் இறுகாமல், அபிஷேகப் பாலும் தயிரும் பட்டு நுரைத்துப் பூஞ்சை பிடிக்கும். நீட்டும்போது முறிந்தால் குங்கிலியம் கூடிவிட்டது, அல்லது இடி போதவில்லை. அது முதல் கோடையிலேயே வெடிப்பு விடும். இப்போது பல கோயில்கள் தயாராக உருட்டிய மருந்தை வாங்கி, மென்சூட்டில் இளக்கிச் சாத்துகின்றன. அதில் தவறில்லை. ஆனால் எப்போது இடித்தது என்று தெரியாத உருண்டையை அடுப்பில் வைத்து அவசரமாக உருக்கினால் மெழுகு பிரிந்து ஓடிவிடும். பிறகு எத்தனை மந்திரம் சொன்னாலும் அது பிடிக்காது.

சாத்துகின்ற பள்ளம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்துக் கும்பாபிஷேகங்களைப் பெரியவர்கள் தவிர்த்ததற்கு முகூர்த்தக் காரணத்தோடு இதுவும் சேர்ந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மூலஸ்தானச் சுவர்கள் வியர்க்கின்றன. ஈரக்கல்லில் அரக்கு பற்றாது. உத்தராயணத்தில், தை தொடங்கி ஆனி வரையில், கும்பாபிஷேகங்கள் குவிவதைப் பஞ்சாங்கத்தால் மட்டுமன்றி ஓதத்தாலும் விளக்கலாம்.

மருந்து பழுதாகிவிட்டதை எப்படி அறிவது? பூசை செய்கின்ற குருக்களுக்குத்தான் முதலில் தெரியும். அபிஷேகம் செய்த நீர் முழுவதும் கோமுகை வழியே வெளியேறாமல், ஒரு பகுதி எங்கோ மறைந்துவிடும். அபிஷேகம் முடிந்து நெடுநேரத்துக்குப் பின்னும் பீடத்தின் ஓரம் ஈரமாக இருக்கும். பாலும் தேனும் உள்ளே இறங்கிய வாசனைக்கு எறும்பு வரிசை கட்டும்; கரப்பான் குடியேறும். மருந்தின் விளிம்பில் மயிரிழைக் கோடு ஒன்று தெரியும். கடைசிக் கட்டத்தில், காப்புச் சாத்தும்போது விக்கிரகம் சற்றே அசைவது கைக்குப் புலப்படும். அந்த நிலையில் 12 ஆண்டு நிறைவாகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அசைகின்ற மூர்த்திக்கு அபிஷேகம் செய்வது முறையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

சில கோயில்களில் இதற்குச் சீமெந்து போடுகிறார்கள். இதை எதிர்ப்பதற்கு ஆசாரம் ஒன்றே காரணம் அல்ல. அட்டபந்தனம் பிடித்து வைத்திருக்கும். வேண்டியபோது மென்சூடு காட்டிச் சுரண்டினால் விட்டுவிடும். சீமெந்து விடாது. அடுத்த கும்பாபிஷேகத்தில் அதை உளியால் வெட்டி எடுக்கும்போது பீடத்தின் விளிம்போ விக்கிரகத்தின் அடியோ சிதைந்தால், சிதைந்த மூர்த்தி பூசைக்கு ஆகாது என்று விலக்கப்பட்டுவிடும். மீண்டும் கழற்றப்பட வேண்டிய ஒரு பொருத்துக்கு அதற்கேற்ற பசையைத் தேர்ந்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கணக்கை அறியாத மேசன் அல்ல, அறிந்தும் அவசரப்படுத்துகின்ற சபையே இதற்குப் பொறுப்பு.

விக்கிரகம் நிலைநிறுத்தப்பட்டு மருந்து சாத்தியான பிறகு எண்ணெய்க்காப்பு வருகிறது. பெரும்பாலும் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள், காலையிலிருந்து மாலை வரை. மருந்து சாத்திய பிறகும் கல்லுக்குள் சாந்நித்தியம் வரவில்லை. அது இன்னும் யாகசாலையில் இருக்கிறது. எனவேதான் நாம் தொடலாம். ஒரு சிறு கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு மூலஸ்தானத்துக்குள் நுழைந்து, தும்பிக்கையின் மடிப்பிலும் தொந்தியிலும் பாதத்திலும் தடவிவிட்டு வெளியேற ஒருவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். உள்ளே வெக்கையும் எண்ணெய் மணமும் அடைத்திருக்கும்; தரை வழுக்கும்; வயதானவர்களைத் தொண்டர்கள் கைத்தாங்கலாகப் பிடித்து விடுவார்கள். அந்த வேளையில் உள்ளே நிற்கும் குருக்கள் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: ‘கொஞ்சமா வையுங்கோ, அடியில ஊத்தாதேங்கோ.’ அதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் மெழுகையும் குங்கிலியத்தையும் இளக்கும். முதல்நாள் சாத்திய மருந்தின்மேல் கிண்ணம் கிண்ணமாக எண்ணெய் வழிந்து தேங்கினால், 12 ஆண்டு நிற்க வேண்டியது அதே நாளில் கெடத் தொடங்கும். அதனால் பீடத்தின் விளிம்பைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுவது நல்ல வழக்கம்.

எல்லோரும் செல்லலாம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மூலஸ்தானம் இருக்கட்டும், வாசலே மறுக்கப்பட்டிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் பல கதவுகள் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதனாலேயே எழுந்தது. சாந்நித்தியம் இல்லாத கல்லை எவரும் தொடலாம் என்று கிரியை சொல்கிறது. அந்த எவரும் யார் என்பதைத் தீர்மானித்தது கிரியை அல்ல.

மறுபக்கம் யாகசாலை. மூலமூர்த்திக்குரிய பிரதான கும்பம் நடுவேதிகையில் இருக்கும். சுற்றி ஹோம குண்டங்கள். சிறிய கோயிலில் ஒரு குண்டம் போதும். ஐந்து, ஒன்பது என்று வசதிக்கேற்பக் கூடும். கும்பத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நூல் நாடிகளாகவும், உள்ளிருக்கும் நீர் குருதியாகவும், மாவிலை சடையாகவும், மேல் வைத்த தேங்காய் சிரசாகவும் பாவிக்கப்படுகின்றன; அதாவது, அந்தச் சில நாட்களுக்குக் கும்பமே மூர்த்தியின் உடல். பிரதம குரு பூசை நடத்த, சர்வசாதகம் என்று விஞ்ஞாபனத்தில் பெயர் போடப்படும் இன்னொரு குரு எந்தக் கிரியை எப்போது, எந்தத் திரவியத்தோடு நடக்க வேண்டும் என்று முழு ஓட்டத்தையும் கையில் வைத்திருப்பார். நல்ல சர்வசாதகர் கிடைத்த கும்பாபிஷேகம் சத்தமில்லாமல் நேரத்துக்கு முடியும் என்பது யாழ்ப்பாணத்துக் குருமார் பரம்பரையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

எண்ணெய்க்காப்பு முடிந்த மாலையில் விக்கிரகம் கழுவிச் சுத்தி செய்யப்படுகிறது. அதன்பின் யாகசாலையையும் மூலஸ்தானத்தையும் இணைப்பது நாடிசந்தானம். யாகசாலைக் கும்பத்திலிருந்து மூலமூர்த்தி வரை ஒரு கயிறு கட்டப்படும்: தர்ப்பையாலோ நூலாலோ, வசதியுள்ள இடத்தில் வெள்ளி அல்லது பொற்கம்பியாலோ. மண்டபத் தூண்களுக்கு இடையே தலைக்கு மேலாக ஓடுகின்ற அந்தக் கயிற்றைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். கும்பத்திலிருந்து மூர்த்திக்கு மீள்கின்ற பாதை அதுதான். அடுத்து ஸ்பர்சாகுதி. குண்டத்தில் நெய் ஆகுதி செய்து, அதன் மிகுதியைத் தர்ப்பையால் எடுத்து வந்து மூர்த்தியின் அடி, நடு, முடி என்ற மூன்று இடங்களில் தொடுவிக்கிறார்கள். சைவ சித்தாந்தம் சொல்லும் 36 தத்துவங்களில் ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 ஆகியவை முறையே இந்த மூன்று இடங்களில் நியாசம் செய்யப்படுகின்றன. கலாகர்ஷணத்தில் எடுத்தது இங்கே படிப்படியாகத் திரும்பி வைக்கப்படுகிறது. நான் பார்த்தவரையில் சபையினரும் அடியார்களும் பெரும்பாலும் நித்திரையில் இருக்கின்ற பின்னிரவில் இது நடக்கிறது. கிரியையின் மையம் இதுவே என்பதால், ஒரு முறையேனும் விழித்திருந்து பார்க்கத் தக்கது.

விடிந்ததும் பூர்ணாகுதி, அதன்பின் கும்பங்கள் புறப்படுகின்றன. தூபிக்குரிய கும்பம் ஒன்று, மூர்த்திக்குரியது வேறு. விமானமும் தெய்வத்தின் தூல உருவமே என்பதால் தூபிக்கும் தனியே கும்பம் வைத்துப் பூசித்திருப்பார்கள். முகில்போல் மேலிருந்து நீர் விழுந்தால் போதும் என்ற எண்ணத்தில் அது ஏறுவதில்லை. தூபி அபிஷேகமும் மூலமூர்த்தி அபிஷேகமும் குறித்த முகூர்த்தத்துக்குள் அடங்க வேண்டும். மேலே நிற்கும் குருக்களுக்கு மூலஸ்தானம் தெரியாது. உள்ளே நிற்பவருக்குத் தூபி தெரியாது. அதனால் இடையில் நின்று சைகை காட்டுபவர் ஒருவர் வேண்டும். நடைமுறையில் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்: சாரத்தில் ஏற உரிமை கோரும் பிரமுகர்களால் கும்பம் ஏந்தியவர் பாதி வழியில் நிற்க, முகூர்த்தம் கரைகிறது. சாரம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கட்டியவரிடம் முன்னரே கேட்டு, அத்தனை பேருக்கு மேல் ஏறவிடாமல் கீழே ஒருவரை நிறுத்துகின்ற சபை இந்தச் சங்கடத்திலிருந்து தப்புகிறது.

தூபிக் கலசத்துக்குள் வரகு முதலிய தானியம் இடுவதைப் பற்றி, அது இடியைத் தாங்கும் என்று இப்போது மேடைதோறும் சொல்கிறார்கள். நிலத்துக்குள் கடத்துகின்ற கம்பி இணைக்காத செப்புக் கலசம் இடிதாங்கி ஆகாது. உயர்ந்த கோபுரம் கட்டுபவர்கள் முறையான இடிதாங்கியைத் தனியே பொருத்த வேண்டும். தானியம் இடுவதற்குக் கிரியையில் உள்ள இடம் கிரியையாகவே இருக்கட்டும்.

எல்லாக் கோயில்களும் இந்த ஒழுங்குக்குள் வருவன அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கப்பூகர்மார் என்னும் பூசகர்கள் வாய் கட்டிப் பூசை செய்கிறார்கள். ஆகமக் கிரியையின் அளவுகோலை அங்கே கொண்டுபோவது பொருந்தாது.

கும்பத்து நீர் சொரிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அடுத்த நாளிலிருந்து மண்டலாபிஷேகம்: முழு மண்டலம் 48 நாள், இயலாதவர்களுக்கு 24 அல்லது 12. ஒவ்வொரு நாளும் அளவான அபிஷேகமும் பூசையும் ஓர் உபயகாரருக்குரியவை. புதிதாக நிலைகொண்ட சாந்நித்தியத்தை உறுதிப்படுத்துவது அதன் நோக்கம் என்று பத்ததிகள் என்னும் கிரியை நூல்கள் சொல்கின்றன. மருந்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் காலம் தேவைப்படுகிறது. சாத்திய நாளில் மேற்பரப்பு மட்டுமே இறுகியிருக்கும், உள்ளே இறுகப் பல வாரங்கள் செல்லும். அதனால் மண்டல நாட்களில் உபயகாரர்கள் போட்டிபோட்டுக் குடம் குடமாகப் பால் வார்ப்பதைக் குருக்கள் தடுத்தால் அவரோடு மனத்தாங்கல் கொள்ளக் கூடாது. மண்டலப் பூர்த்தியன்று சங்காபிஷேகம் நடைபெறும். பல கோயில்களில் 1008 சங்குகள். அதே நட்சத்திரத்தில் ஆண்டுதோறும் கும்பாபிஷேக தினம் அனுட்டிக்கப்படும். நாம் எடுத்துக்கொண்ட பிள்ளையார் கோயிலில் அதற்குப் பிறகு கூடுகின்ற முதல் சபைக் கூட்டத்தில், நின்றுபோயிருந்த மகோற்சவத்துக்குக் கொடியேற்றத் திகதி குறிப்பார்கள்.